யூரின் பேக் காலியாக இருக்கிறது, படுக்கை நனைகிறது: என்ன செய்வது?

கனிமொழி
மாமனாருக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருக்கிறது. காலையிலிருந்து பேக்கில் ஒன்றும் சேரவில்லை. ஆனால் குழாயைச் சுற்றி ஒழுகி, விரிப்பு நனைகிறது. குழாய் சிறியதாகிவிட்டதா? அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கதிரவன்
சிறிய குழாய்தான் காரணம். அடுத்த அளவுக் குழாய் போடச் சொல்லுங்கள், ஒழுகல் நின்றுவிடும். என் சித்தப்பாவுக்கும் இப்படித்தான் இருந்தது.

ஓய்வுபெற்ற செவிலியர்
கனிமொழி அம்மா, கடைசியாக எப்போது பேக்கைக் காலி செய்தீர்கள்? அடிவயிறு கல்போல் இருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா? காய்ச்சல், குழப்பமான பேச்சு உண்டா? குழாய் மாற்றி எத்தனை வாரம் ஆகிறது? மலம் கழித்தது எப்போது?

பழைய உறுப்பினர்
இந்தக் கேள்விகளுக்கான பதில் முதல் பதிவிலேயே இருந்திருக்க வேண்டும். உதவி கேட்பவர்கள் முழு விவரத்தோடு வருவதுதான் முறை. இங்கே எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை.

தேன்மதி
என் அம்மாவுக்கு பேக் ஊதா நிறமாக மாறியிருக்கிறது. அதுவும் அடைப்பா?

பழைய உறுப்பினர்
அது வேறு கேள்வி. தனி இழை தொடங்குங்கள்.

கனிமொழி
மன்னிக்கவும், பதற்றத்தில் எழுதிவிட்டேன். இரவு பேக்கைக் காலி செய்தோம். காய்ச்சல் இல்லை, நன்றாகப் பேசுகிறார். அடிவயிறு சற்று உப்பலாக இருக்கிறது, அழுத்தினால் முகம் சுளிக்கிறார். மலம் கழித்து நான்கு நாளாகிறது. குழாய் மாற்றி மூன்று வாரம்.

ஓய்வுபெற்ற செவிலியர்
சிறுநீர் வருகிறது, வழிதான் அடைபட்டிருக்கிறது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, குழாய் உடலிலிருந்து வெளியே வரும் இடத்தில் தொடங்கி பேக் வரை விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். தொடைக்கடியில் நசுங்கியிருக்கிறதா, முறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பேக்கின் குழாய் கட்டில் ஓரத்தில் தொங்கி, வளைந்து மேலே ஏறுகிறதா என்றும் பாருங்கள். அந்தப் பள்ளத்தில் சிறுநீர் தேங்கி நின்றால் பின்னால் வருவது நகராது. மிச்சக் குழாயை மெத்தையிலேயே படுக்கவைத்து, பேக் வரை ஒரே இறக்கமாக விடுங்கள். பேக் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக்கூடாது. பிறகு அவரை ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, கால் மணி நேரம் பாருங்கள்.

அதற்குள் ஒரு சொட்டும் வராமல் வலி கூடினால் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். குழாயை இழுக்காதீர்கள். உள்ளே சிறு பலூனில் நீர் நிரப்பியிருக்கிறார்கள், அதை வடிக்காமல் இழுத்தால் உள்வழி கிழிந்து ரத்தம் கொட்டும்.

கதிரவன், ஒழுகலுக்குப் பெரிய குழாய் போடுவது பல நேரங்களில் எதிர்விளைவைத் தரும். பெரிய குழாய் சிறுநீர்ப்பையை உறுத்தும், அது சுருங்கித் துடித்து இன்னும் வெளியே தள்ளும்.

நீலவானம்
ஊசி போடும் சிரிஞ்சில் கொதித்து ஆறிய நீர் எடுத்து உள்ளே செலுத்தினால் ஐந்து நிமிடத்தில் அடைப்பு போய்விடும். நாங்கள் வாரம்தோறும் செய்கிறோம்.

ஓய்வுபெற்ற செவிலியர்
குழாயும் பேக்கும் சேரும் இணைப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கிருமிக்கு வழி திறக்கிறீர்கள். வீட்டு நீர் இதற்கு உகந்ததும் இல்லை. உங்களுக்கு மருத்துவர் சொல்லியிருந்தால் அவரிடமே கேட்டு, அவர் சொன்ன முறையில் மட்டும் செய்யுங்கள். அடைப்பு இருக்கும்போது நீரை அழுத்திச் செலுத்துவது ஆபத்து.

நீலவானம்
எங்களுக்குச் செவிலியர்தான் கற்றுக்கொடுத்தார். நிறுத்தினால் மணல்போல் படிந்து மறுபடி அடைக்கிறது. அனுபவத்தைப் புறந்தள்ளாதீர்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர்
மணல்போல் படிவது வேறு பிரச்சினை. குழாயை முன்கூட்டியே மாற்ற வேண்டியிருக்கும், சிறுநீர்ப்பையில் கல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கழுவிக்கொண்டே இருந்தால் அந்தக் காரணம் மறைந்தே கிடக்கும்.

கதிரவன்
கலங்கலாக இருந்தால் கிருமிக்கொல்லி மாத்திரை தொடங்கிவிட வேண்டும் என்று கேள்விப்பட்டேனே?

ஓய்வுபெற்ற செவிலியர்
நீண்ட நாள் குழாய் இருப்பவர்களின் சிறுநீரில் கிருமி இருக்கவே செய்யும். கலங்கலையும் வாடையையும் மட்டும் பார்த்து மாத்திரை கொடுப்பதில்லை. காய்ச்சல், நடுக்கம், திடீர்க் குழப்பம், விலாவில் வலி வந்தால் உடனே காட்ட வேண்டும்.

கனிமொழி
தொடைக்கடியில் மடங்கிக் கிடந்தது. நேராக்கித் திருப்பிப் படுக்கவைத்ததும் சலசலவென்று வந்து பேக் பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. வயிறு இளகிவிட்டது. ஆனால் இன்னும் இடையிடையே சிறிது ஒழுகுகிறது.

ஓய்வுபெற்ற செவிலியர்
நல்லது. பாதிக்கு மேல் நிறைந்ததால் இப்போதே காலி செய்யுங்கள், கனம் குழாயை இழுக்கும். நான்கு நாள் மலச்சிக்கல் குடலை நிரப்பி, பக்கத்திலிருக்கும் சிறுநீர்ப்பையை நெருக்குகிறது. மீதி ஒழுகலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். இன்றே மருத்துவரிடம் கேட்டு மலமிளக்கி கொடுங்கள். அதற்குப் பிறகும் ஒழுகினால் குழாயையும் சிறுநீர்ப்பைத் துடிப்பையும் அவர் பார்க்கட்டும்.

தேன்மதி அம்மா, ஊதா நிறமும் பெரும்பாலும் மலச்சிக்கலோடு வருவதுதான். பேக்கை மாற்றிவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கனிமொழி
மருத்துவரிடம் பேசிவிட்டோம். நன்றி.