புதுப்பிப்பு: ஒரே ஹோஸ்டில் மூன்று கெஸ்ட்டுகள், நெரிசல் வட்டில்தான்

அன்று நான் கேட்டது: "கோப்பு, கணக்கு, அச்சு சர்வர்கள் மூன்றையும் மெய்நிகர் கெஸ்ட்டுகளாக ஒரே ஹோஸ்டில் ஓட்ட 32 ஜிபி ரேம் போதுமா?"

போதுகிறது: கணக்கிற்கு 12, கோப்பிற்கு 8, அச்சிற்கு 4 ஜிபி, மீதி ஹோஸ்டுக்கு. அதற்குப் பதிலாக ரேமைக் கூட்டச் சொல்லி எழுதிய நண்பர் கூறியது பாதி சரி. அறிக்கைகள் விரைந்தன, ஆனால் மாலையில் பில் சேமிக்கும்போது திரை உறைவது நிற்கவில்லை. வட்டைப் பார்க்கச் சொன்ன மூத்தவரின் யோசனைப்படி `iostat -x 1` ஓட்டியபோது, ப்ராசஸர் சும்மா இருக்க, கோப்பு சர்வரின் பேக்கப் நேரத்தில் மட்டும், வட்டில் ஓர் எழுத்து முடியக் காத்திருக்கும் நேரமான `w_await` 10 மில்லிவினாடியிலிருந்து 180க்குத் தாவியது. மூன்று கெஸ்ட்டுகளும் ஒரே ஹார்ட் டிஸ்க் இணையைப் பகிர்ந்ததே காரணம். கணக்கை மட்டும் தனி எஸ்எஸ்டி மிரருக்கு மாற்றியதும் உறைதல் நின்றது. அதே கேள்விக்கான பதிலில் தம் பிரிண்டர் டிரைவர் சிக்கலை எழுதியவருக்கு: அது கெஸ்ட்டின் அளவால் வருவதன்று என்றே கருதுகிறேன். மாத இறுதி ஸ்பூல் கோப்புகளை அச்சு கெஸ்ட்டின் வட்டு தாங்குமா என்பதை இனிதான் பார்க்க வேண்டும்.