பணி ஓய்வு விருந்தில் தோல்வியைப் பற்றிய மேற்கோள்: உங்களுக்கு என்ன நேர்ந்தது?

பட்டர்வொர்த் வாசி
போன மாதம் எங்கள் தமிழ்ப்பள்ளி ஆசிரியையின் பிரியாவிடை. முன்னாள் மாணவர்கள் சார்பில் எனக்கு இரண்டு நிமிடம். நான் முடித்ததும் எல்லாரும் சிரப் பாண்டுங் கோப்பையை உயர்த்துவதாக ஏற்பாடு. "தோல்வியே வெற்றியின் முதற்படி என்பதை வாழ்ந்து காட்டியவர் எங்கள் ஆசிரியை" என்று தொடங்கினேன். கடைசி மேசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் தலைமையாசிரியர் பதவிக்கு இரண்டு முறை முயன்றும் கிடைக்காமல் போனது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும், அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வரவில்லை. ஆசிரியை புன்னகைத்தபடியே பொன்னாடையின் சரிகை ஓரத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன். அந்த விரல்கள் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

செந்தூல் ஓய்வாசிரியர்
தம்பி, மேற்கோள் மேல் பழி இல்லை. யாருடைய தோல்வி என்று நீங்கள் சொல்லாததால் சபை தானே ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டது. முதலில் பேசுகிறவர் தன் தோல்வியைச் சொல்லிவிட வேண்டும், பிறகுதான் மேற்கோள். என் தோழியின் விருந்தில் ஒரு மாணவி பேசியதை அப்படியே தருகிறேன்:

"ஐந்தாம் ஆண்டில் டீச்சர் இரண்டு கணக்குகள் எழுதி, பிடித்ததைச் செய்யச் சொன்னார். எல்லாரும் எளியதைச் செய்தார்கள். நான் பின்னக் கணக்கில் கை வைத்தேன். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று எழுதினேன். டீச்சர் சிவப்பு மையால் அடிக்கவில்லை. பலகையில் ஒரு ரொட்டி சானாய் வரைந்து, 'உன்னிடம் அரை ரொட்டி இருந்தது, நான் இன்னும் கொஞ்சம் கொடுத்தேன், இப்போது பாதிகூட இல்லையே, யார் தின்றது?' என்றார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு ரொட்டியை ஆறு துண்டாகக் கோடு போட்டு எண்ணினேன். ஐந்து துண்டு வந்தது. அன்று டீச்சர் சொன்ன குறள்: 'கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது.' டீச்சர், குறி தவறிய அந்த வேலை நான் இன்னும் கீழே வைக்கவில்லை. எங்கள் டீச்சருக்காக!"

ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். யாருக்கும் வேறு தோல்வி நினைவுக்கு வர இடமில்லை.

பிரிக்பீல்ட்ஸ்காரன்
குறள் சொன்னால் பாதிப் பேர் பொருள் தெரியாமல் தலையாட்டுவார்கள், ஐயா. நான் எடிசனைச் சொன்னேன்: பல்பு எரிவதற்குள் 10,000 முறை தோற்றவர், அத்தனையும் பயன்படாத வழிகளைக் கண்டுபிடித்த கணக்கு என்றவர். நல்ல கைதட்டல். ஆனால் ஏற்புரைக்கு எழுந்த ஆசிரியர், அறிவியல் பாடம் எடுத்தவர், முதல் சொல்லாக "அது பல்பு இல்லை, தம்பி" என்றார். சபை சிரித்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வாய் உணவு இறங்கவில்லை.

ஜார்ஜ் டவுன் புத்தகப் புழு
அவர் சொன்னது சரி. 1910இல் வெளியான எடிசன் வாழ்க்கை வரலாற்றில் அவருடைய கூட்டாளி ஒருவர் நினைவுகூர்வது மின்கலச் சோதனையை. 9,000க்கும் மேல் சோதனை செய்தும் பலன் இல்லையே என்று இவர் வருந்த, பயன்படாதவை பல ஆயிரம் எனக்குத் தெரிந்துவிட்டதே என்று எடிசன் சிரித்தாராம். பல்பும் பத்தாயிரமும் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை.

செந்தூல் ஐயாவிடமும் ஒரு வழக்கு உண்டு. அந்தக் குறள் படைச்செருக்கு அதிகாரத்தில் வருவது. யானையைக் குறி வைத்த துணிவைப் புகழ்கிறது. தோல்வியிலிருந்து கற்பது பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

செந்தூல் ஓய்வாசிரியர்
இல்லைதான். கற்றது அந்த ஆறு துண்டு ரொட்டியில் இருக்கிறது. கடினமான கணக்கைத் தொட்ட துணிவுக்கு மட்டும்தான் குறள்.

ஜார்ஜ் டவுன் புத்தகப் புழு
எனக்கு இன்னும் ஒப்பவில்லை.

செபராங் ஜெயா அக்கா
நீங்கள் குறளுக்குச் சண்டை போடுகிறீர்கள், எனக்குக் கவிழ்ந்தது கோப்பை. ஒரு கையில் ஒலிவாங்கி, மறு கையில் பாண்டுங், காகிதத்தைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. ஆசிரியையின் வெள்ளைப் புடவையில் இளஞ்சிவப்பாக ஒரு தீவு. பேசப் போகிறவர்களே, கடைசி வாக்கியம் வரை கோப்பையை மேசையிலேயே விடுங்கள். பனிக்கட்டி வேண்டாம், கண்ணாடி வியர்த்து வழுக்கும். என்ன சொல்லிக் கோப்பையை உயர்த்த வேண்டும் என்று முன் வரிசையில் இரண்டு பேரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், மற்றவர்கள் அவர்களைப் பார்த்துச் செய்வார்கள். காகிதத்தில் முழு உரையை எழுதாதீர்கள், மேற்கோளையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். முக்கியமாக, ஆசிரியைக்கு மிக அருகில் நிற்காதீர்கள்.

பட்டர்வொர்த் வாசி
இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று இரவு ஆசிரியையை அழைத்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், "அந்தப் பொன்னாடையில் சரிகை நூல் பிரிந்து கழுத்தைக் குத்திக்கொண்டே இருந்ததப்பா" என்றார். நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை.