பல நாணயங்களில் விலை: எவ்வளவு விலகினால் மாற்றுவது?

வணக்கம். டாலரில் அடிப்படை விலை வைத்து, யூரோவிலும் யென்னிலும் விற்கும் இணையக் கடை என்னுடையது. என் நிரல் தினமும் அன்றைய மாற்று விகிதத்தால் பெருக்கி, .90 என்று முடியும் அடுத்த விலைக்கு உயர்த்துகிறது. சிக்கல் அங்கேதான்.

29 டாலர் பொருள் ஒன்று. டாலருக்கு 0.92 யூரோ என்றால் 26.68 வருகிறது, கடையில் 26.90 என்று காட்டுகிறோம். விகிதம் 0.93 ஆனால் வருவது 26.97, விலையோ 27.90க்குத் தாவிவிடுகிறது. விகிதம் ஏறியது சுமார் 1 சதவீதம். வாங்குபவர் பார்ப்பதோ ஏறக்குறைய 4 சதவீத உயர்வு. மறுநாள் விகிதம் இறங்கினால் பழைய விலையே திரும்புகிறது. இடையில் வாங்கியவர் சும்மா இருப்பாரா?

எனவே காட்டும் விலையை நிறுத்திவைத்து, கணக்கிட்ட தொகை அதிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகினால் மட்டும் மாற்றலாம் என்று நினைக்கிறேன். ஆனால் என் செலவெல்லாம் டாலரில். லாபம் விலையில் 20 சதவீதம்தான். யூரோ 5 சதவீதம் சரிந்தால் லாபத்தில் கால்பங்கு போய்விடும். அதனால் விலையை ஏற்றுவதற்கு 3, இறக்குவதற்கு 5 என்று இரண்டு வரம்புகள் வைத்தால் சரியாக இருக்குமா? வாங்குபவருக்கு அது நியாயமாகப் படுமா என்பதில்தான் தயக்கம்.

யென்னில் தசமமே கிடையாது, .90 அங்கே உதவாது. 4,350 வந்தால் 4,380 என்று வைப்பீர்களா, 4,400 என்றா? கூடையில் பொருளை வைத்துவிட்டுப் போனவருக்குப் பழைய விலையை எத்தனை மணி நேரம் காப்பாற்றுகிறீர்கள்? இப்படி நடத்துபவர்கள் உங்கள் வரம்புகளைச் சொல்லுங்கள்.