கை போனது, கனம் போகவில்லை: தோளில் கிடந்த கையை எடுத்த அனுபவங்கள்

கும்பகோணம் ஸ்டுடியோ

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது அண்ணனும் தங்கையுமாக இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். திருத்துறைப்பூண்டி பக்கம் ஊர். 2018 கஜா புயலில் வீட்டு ஆல்பம் முழுக்க நனைந்து, படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உரிந்துவிட்டன. அப்பா தனியாக நிற்கிற படம் ஒன்றுகூடத் தேறவில்லை. சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்த 4x6 பிரிண்ட் ஒன்றுதான் கிடைத்தது. அதில் அவர் நன்றாகச் சிரிக்கிறார். ஆனால் வலது பக்கம் நிற்கும் சிநேகிதர், அவர் கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் இடது தோளில் தொங்கவிட்டிருக்கிறார். விரல்கள் சட்டைப் பைக்கு மேலே வரை வருகின்றன. "மாமா கையை மட்டும் எடுத்துடுங்க சார், அப்பா அப்படியே இருக்கட்டும்" என்றார் அந்தத் தங்கை.

600 டிபிஐயில் ஸ்கேன் செய்தேன். அப்பாவின் மார்பு அகலம் பிரிண்டில் இரண்டு இஞ்ச், அதாவது 1200 பிக்சல். பெரிய ஃபிரேமில் 10 இஞ்ச் அகலத்துக்கு விரித்தால் இஞ்சுக்கு 120தான் வரும். சுவரில் மாட்டிப் பார்க்கிற தூரத்துக்கு அது போதும்.

அன்றைக்கு நான் செய்த தப்பைச் சொல்கிறேன். முதலில் கையை அழித்தேன். போட்டோஷாப்பில் குளோன் ஸ்டாம்பை எடுத்து, மார்புப் பக்கத்து வெள்ளைத் துணியை விரல்கள் மேல் பூசினேன். கை மறைந்தது. ஆனாலும் படத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தால் அங்கே ஏதோ உட்கார்ந்திருக்கிறது போலவே இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தபிறகு புரிந்தது. காலரிலிருந்து மூன்று மடிப்புகள் விசிறி மாதிரி கிளம்பி, கை இருந்த இடத்தில் போய்க் கூடுகின்றன. இடது காலர் நுனி கீழே இழுபட்டிருக்கிறது. விரல்களுக்கு அடியில் விழுந்த நிழல் ஒரு சாம்பல் பட்டையாக அப்படியே நிற்கிறது. கையை எடுத்துவிட்டேன், கையின் கனம் துணியில் மிச்சம் இருக்கிறது.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை கையைத் தொடாமல், அதற்கு மேலே புது லேயரில் பென் டூலால் தோளின் கோட்டை வரைந்தேன். கோட்டுக்கு ஒரு முனை காலர் கழுத்தோடு சேருகிற இடம். இன்னொரு முனை விரல்களுக்கு வெளியே தெரிந்த சட்டைக் கையின் ஓரம். இந்த இரண்டும் நிஜத்தில் படத்தில் இருப்பவை, அதனால் நம்பலாம். நடுவில் இருப்பதுதான் நம் ஊகம். அதை நேர்கோடாக இழுத்தால் ஹேங்கரில் மாட்டிய சட்டை மாதிரி ஆகிவிடும். கழுத்துப் பக்கம் லேசாகக் குழிந்து, வெளிப்பக்கம் லேசாக உருண்டு இறங்க வேண்டும்.

அப்புறம்தான் துணி. வலது தோளைத் தேர்ந்தெடுத்து Ctrl+J அடித்து, Flip Horizontal செய்து இந்தப் பக்கம் கொண்டுவந்து, Warp-இல் கோட்டுக்கு ஏற்ப வளைத்தேன். வீடியோக்காரர் லைட் அவருடைய வலது பக்கத்திலிருந்து அடித்திருந்தது. திருப்பிப் போட்டதும் இடது தோளின் வெளி ஓரம் பளிச்சென்று ஆகிவிட்டது. முகத்தின் இடது கன்னம் இருட்டாக இருக்கும்போது அதே பக்கத் தோள் மட்டும் மின்னினால் யார் கண்ணுக்கும் உறுத்தும். அந்த லேயருக்கு மட்டும் கர்வ்ஸ் போட்டு, வெளிப்பக்கம் போகப் போக இருட்டாக்கினேன்.

வந்த பிரச்சினை எல்லாவற்றையும் சொல்லவில்லை. இதே வேலை செய்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

மயிலாடுதுறை தம்பி

அண்ணே, நான் இதற்கு இவ்வளவு நேரம் எடுப்பதில்லை. அந்தப் பக்கத் தோளை அப்படியே திருப்பி ஒட்டினால் பத்து நிமிஷ வேலை. பாதி உடம்பையே திருப்பிவிடுவேன், மடிப்பு நிழல் எல்லாம் அதோடு போய்விடும். இந்த வருஷம் மட்டும் ஏழெட்டு செய்திருப்பேன், யாரும் குறை சொல்லவில்லை. டி-ஷர்ட், பிளைன் சட்டை எல்லாம் பிரமாதமாக வரும்.

மன்னார்குடி டெய்லர்

நான் போட்டோ வேலை தெரிந்தவன் இல்லை. 31 வருஷமாகச் சட்டை தைக்கிறேன். போன மாதம் எங்கள் சித்தப்பா படத்தை இப்படித்தான் ஒரு இடத்தில் செய்து கொடுத்தார்கள். வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள், எனக்கு மட்டும் பார்க்கப் பார்க்க ஒப்பவில்லை. பாதி உடம்பைத் திருப்பியதில் சட்டைப் பை இரண்டு பக்கமும் வந்துவிட்டது என்று, இருந்த பையையும் அழித்திருந்தார்கள். ஆண்கள் சட்டைக்குப் பை இடது மார்பில். அவர் அதில் மூக்குக்கண்ணாடியும் பேனாவும் இல்லாமல் வெளியே கிளம்பியதே கிடையாது.

இன்னொன்று. அது கட்டம் போட்ட சட்டை. மார்பில் இருக்கிற கட்டத்தை அப்படியே தோளைத் தாண்டிக் கைவரைக்கும் ஓட்டியிருந்தார்கள். துணி அப்படி ஓடாது. தோளில் யோக் என்று தனித் துண்டு இருக்கிறது. அது முதுகிலிருந்து தோளைத் தாண்டி முன்பக்கம் ஒரு இஞ்ச் போல இறங்கி, அங்கே மார்புத் துணியோடு தையலில் சேரும். அந்தத் தையலுக்கு மேலே கட்டம் வேறு வாட்டத்தில் போகும், கீழே இருக்கிற கோடு அங்கே நின்றுவிடும். அதே மாதிரி கைக்குழித் தையலைத் தாண்டினால் கைத்துணியின் கோடு சாய்ந்துவிடும். இந்த இரண்டு தையலையும் போடாமல் விட்டால் சட்டை உடம்பில் இருக்காது, காகிதம் ஒட்டிய மாதிரி இருக்கும். எனக்கு உறுத்தியது அதுதான் என்று இப்போது எழுதும்போது தெரிகிறது.

கும்பகோணம் ஸ்டுடியோ

டெய்லர் அண்ணன் சொன்னதை எழுதி கடையில் ஒட்டப் போகிறேன். நான் திருப்பி ஒட்டியபோது யோக் தையல் தானாகவே வந்துவிட்டது, அதனால் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. கட்டச் சட்டையாக இருந்திருந்தால் மாட்டியிருப்பேன்.

மயிலாடுதுறை தம்பிக்கு ஒரு வார்த்தை. திருப்பி ஒட்டுவது தப்பில்லை, நானும் அதில்தான் ஆரம்பித்தேன். தோள் மட்டும் போதும், கைக்குழித் தையலோடு நிறுத்திவிடு. பை, பட்டன் பட்டி, காலர் எல்லாம் அசலிலேயே இருக்கட்டும். அப்புறம், படத்தில் இருப்பவரும் பதிலுக்குச் சிநேகிதர் தோளில் கை போட்டிருக்கிறாரா என்று பார். போட்டிருந்தால் அந்தப் பக்கத் தோள் மேலே ஏறி, காதுக்குக் கிட்டே போயிருக்கும். அதைத் திருப்பினால் இரண்டு பக்கமும் தோளைக் குலுக்குகிற மாதிரி ஆகிவிடும்.

மடிப்புக்கு நான் செய்தது இது. தோளை ஒட்டியபிறகும் காலர் அடியிலிருந்து கிளம்பும் அந்த மூன்று மடிப்பும் பாதியில் வெட்டுப்பட்டு நின்றன. அதில் இரண்டை முழுக்க எடுத்துவிட்டேன். ஒன்றை மட்டும் விட்டு, அது தோள் பக்கம் ஏறாமல் கீழே பை நோக்கி இறங்குகிற மாதிரி திருப்பினேன். எல்லா மடிப்பையும் எடுத்தால் அந்த இடம் மட்டும் இஸ்திரி போட்டது போல் ஆகி, மற்ற சட்டையோடு சேராது. விளிம்புக்குப் பக்கத்தில் ஹீலிங் பிரஷ் வேண்டாம், பின்னணி நிறத்தை இழுத்துத் துணியில் அப்பிவிடும். அங்கே குளோன் ஸ்டாம்ப்தான்.

தஞ்சாவூர் பெரியவர்

நான் நெகட்டிவ் காலத்து ஆள். அப்போது பென்சிலும் பிரஷ்ஷும்தான். கையை எடுக்கச் சொன்னால் தோளில் துண்டு போட்டுவிடுவோம். வரைவதற்குச் சுலபம், மரியாதையாகவும் இருக்கும்.

நிறத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கை போட்டவர் என்ன சட்டை போட்டிருந்தார் என்று பாருங்கள். பக்கத்தில் மெரூன் சட்டை இருந்தால் வெள்ளைச் சட்டையில், கழுத்தில், தாடைக்கு அடியில் எல்லாம் அந்தச் சிவப்பு ஏறியிருக்கும். ஆளை எடுத்தபிறகு அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது? கம்ப்யூட்டரில் என் பேரன் பிரஷ்ஷை கலர் மோடில் வைத்து, சட்டையின் சுத்தமான இடத்து நிறத்தை எடுத்து லேசாகத் தடவுகிறான். வெளிச்சமும் நிழலும் மாறாமல் நிறம் மட்டும் மாறுகிறது. எங்களுக்கு அந்த வசதி இல்லை.

கும்பகோணம் ஸ்டுடியோ

ஐயா, அதே மெரூன்தான்! காலர் உள்பக்கம் ரோஸ் அடித்தது. ஸ்கேனர் கோளாறு என்று நினைத்துப் படம் முழுக்கக் கலரை மாற்றி, முகத்தைப் பச்சையாக்கி வைத்திருந்தேன்.

துண்டு யோசனை எனக்கும் வந்தது. கேட்டபோது, அப்பா துண்டு போட்டதே இல்லை என்று மகன் சொல்லிவிட்டார்.

திருவாரூர் அக்கா

எங்கள் கல்யாணப் படத்தில் அப்பா இல்லை, அவர் அதற்கு முன்பே தவறிவிட்டார். அவர் என் தோளில் கை போட்டு நிற்கிற மாதிரி செய்ய முடியுமா? இங்கே ஒரு கடையில் செய்து கொடுத்தார்கள், கை என் மேல் படாமல் மிதக்கிற மாதிரி இருக்கிறது. பட்டுப்புடவை, திருபுவனம், இடது தோளில்தான் முந்தானை.

தஞ்சாவூர் பெரியவர்

அம்மா, இங்கே பேசுவது கையை எடுப்பதைப் பற்றி. நீ கேட்பது வைப்பது. ஆனால் மேலே சொன்னதைத் தலைகீழாகப் படித்தால் உன் படத்தில் என்ன குறை என்று தெரிந்துவிடும். விரலுக்கு அடியில் நிழல் இருக்காது, முந்தானை அமுங்கியிருக்காது. அந்த இரண்டையும் போடச் சொல்.

மயிலாடுதுறை தம்பி

அக்கா புடவை என்றதும் ஞாபகம் வந்தது. ஒரு அம்மா படம் வந்தது, தோழி கை இடது தோளில். வலது தோளைத் திருப்பினேன், அங்கே வெறும் ரவிக்கைதான் இருக்கிறது, முந்தானை இல்லை! கீழே மார்பில் தெரிந்த கொசுவத்தை எடுத்து ஒவ்வொரு மடிப்பாக மேலே ஏற்றினேன். தோள் உச்சிக்குப் போகும்போது மடிப்புகள் நெருங்க வேண்டும், நான் ஒரே அகலமாக விட்டேன். சரிகை பார்டர் பட்டை மாதிரி நின்றது. அண்ணே, அதற்கு வழி தெரியுமா?

கும்பகோணம் ஸ்டுடியோ

புடவை எனக்கும் சரியாக வந்ததில்லை தம்பி. ஒவ்வொரு மடிப்பையும் தனி லேயராக வைத்து, பின் குத்துகிற இடத்தில் எல்லாம் ஒன்றாகக் கூடுகிற மாதிரி வளைத்துப் பார்த்திருக்கிறேன். ஓரளவுக்கு வந்தது.

என் படத்தில் கடைசியாக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தோள் இரண்டையும் சமமாக முடித்து, திரையில் படத்தை இடம் வலமாகத் திருப்பியும் பார்த்தேன். எங்கேயும் உறுத்தவில்லை. ஆனால் வாங்க வந்தபோது அம்மாவையும் கூட்டி வந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவங்க இப்படி நிமிந்து நிக்க மாட்டாங்களே" என்றார். நெல் மூட்டை தூக்கியவராம், இடது தோள் எப்போதும் இறங்கித்தான் இருக்குமாம். அந்தக் கோட்டைக் கால் இஞ்ச் இறக்கி மறுபடி பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

மன்னார்குடி டெய்லர்

தோள் இறங்கியவர்களுக்கு நாங்கள் அளவெடுக்கும்போதே குறித்துக்கொண்டு, அந்தப் பக்கம் மட்டும் இறக்கி வெட்டுவோம். சட்டை தைத்தவரைக் கேட்டிருந்தால் எவ்வளவு என்று சொல்லியிருப்பார்.

தஞ்சாவூர் பெரியவர்

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டுகிற படம், நேராக நிற்கட்டும். எங்கள் காலத்தில் கோணல் கழுத்தைக்கூட நிமிர்த்தித்தான் கொடுப்போம்.

கும்பகோணம் ஸ்டுடியோ

ஐயா, அந்த அம்மா இரண்டு பிரிண்டையும் வாங்கிக்கொண்டு போனார். இறங்கிய தோள் கூடத்துக்கு, நிமிர்ந்தது மகன் வேலை பார்க்கிற திருப்பூர் வீட்டுக்கு.