பால் போத்தல் படத்தில் அழுக்குப் படிந்தது போலத் தெரிகிறது, விளிம்பும் காணாமல் போகிறது. உதவுங்கள்

உப்புவெளிக் கடை

வணக்கம். உப்புவெளியில் பிள்ளைகளுக்கான பொருள்கள் விற்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பால் போத்தல் ஒன்றையும் வெண்ணெய் நிறக் கரடிப் பொம்மை ஒன்றையும் சேர்த்து, வெளிர் ரோஸ் தாளின் முன் வைத்துக் கைத்தொலைபேசியில் படம் எடுக்கிறேன். பார்த்தவுடன் குளித்துப் பவுடர் போட்ட பிள்ளையின் அருகில் நிற்பது போல இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

வருவது வேறு. போத்தலின் வெள்ளை வளையம் சாம்பல் பூசியது போல இருக்கிறது. ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் இலேசான நீலம். போத்தலின் உடம்பு தாளோடு கலந்து, வளையமும் சூப்பியும் மட்டும் அந்தரத்தில் நிற்பது போலத் தெரிகிறது. இரண்டு முறை கழுவிவிட்டேன், புதிய தாளும் வாங்கிவிட்டேன். மாற்றமில்லை. தவறு எங்கே?

மூதூர்த் தம்பி

அக்கா, வடக்குப் பார்த்த யன்னலுக்கு மேசையை மாற்றுங்கள். வடக்கு யன்னலில் வருடம் முழுவதும் வெயில் நேரே விழாது, வெளிச்சம் மென்மையாக இருக்கும். அதோடு வெள்ளை நுளம்பு வலையை யன்னலில் கட்டிவிடுங்கள். இரண்டும் செய்தால் போதும். மஞ்சளைப் பிறகு கைத்தொலைபேசியிலேயே திருத்திக்கொள்ளலாம்.

யன்னலோரம்

இருபது வருடமாகத் திருகோணமலையில் பொருள்களைப் படம் பிடிப்பதுதான் என் வேலை. தம்பி சொன்னதில் பாதி சரி. வடக்கு யன்னல் நல்லது என்பது குளிர்நாட்டுக்காரர் சொல்லி எல்லோரும் பிடித்துக்கொண்ட விதி. நாம் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறோம். ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் இறுதி வரை உச்சிப்பொழுதில் சூரியன் நமக்கு வடக்குப் பக்கமாகவே நிற்கிறது. அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்கு யன்னலுக்குள் வெயில் சாய்ந்து நுழையும். மற்ற மாதங்களில் அவர் சொன்னது பெரும்பாலும் பொருந்தும்.

நுளம்பு வலை கரடிக்குக் குறையில்லை. போத்தலுக்கு அது ஆகாது. போத்தல் வளைந்த கண்ணாடி போன்றது. எதிரில் இருப்பதையெல்லாம் தன்மேல் காட்டும். உங்கள் யன்னலுக்கு இரும்புக் கம்பிகள் இருந்தால் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், போத்தலின் தோளில் கறுப்புக் கோடுகள் வரிசையாக வளைந்திருக்கும். பார்க்கிறவர் கண்ணுக்கு அவை கம்பி என்று தோன்றாது, கீறல் என்றோ அழுக்கு என்றோதான் தோன்றும்.

பதில் சொல்வதற்கு முன் மூன்று விடயங்கள் தெரிய வேண்டும். படம் எடுக்கும்போது அறை விளக்கு எரிகிறதா? சுவருக்கு என்ன நிறம்? போத்தலுக்கும் தாளுக்கும் இடையில் எவ்வளவு தூரம்?

உப்புவெளிக் கடை

டியூப் விளக்கு எரிகிறது, வெளிச்சம் போதாது என்று நானே போட்டது. சுவர் வெளிர் பச்சை. போத்தல் தாளோடு ஒட்டினாற்போல நிற்கிறது, நான்கு விரல் இடைவெளி இருக்கும். யன்னலில் கம்பி இருக்கிறது. நீங்கள் சொன்ன பிறகு பெரிதாக்கிப் பார்த்தேன், ஏழு கோடுகளையும் எண்ண முடிகிறது.

கிண்ணியா ராத்தா

எனக்கும் இதே பிரச்சினைதான். நான் நூலில் பின்னும் பொம்மைகளைக் குளிரூட்டி உள்ள அறையில் வைத்திருந்துவிட்டு, வெளித் திண்ணையில் படம் எடுப்பேன். எல்லாப் படத்திலும் பால் போல ஒரு மங்கல். மென்மையாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டேன், ஆனால் வாங்கியவர் ஒருவர் பின்னல் தெரியவில்லை என்று சொன்னார். தங்கச்சிக்கும் லென்ஸ் பழுதாக இருக்குமோ?

யன்னலோரம்

ராத்தா, உங்களுடையது வேறு. குளிர்ந்த கைத்தொலைபேசியை நம் கடற்காற்றுக்குள் கொண்டுவந்தவுடன் லென்ஸில் ஈரம் படிகிறது. பைக்குள் வைத்தபடியே அரை மணி நேரம் வெளியில் விட்டு, பிறகு எடுங்கள். கண்ணுக்கு மங்கல் தெரியாவிட்டாலும் வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். மென்மை என்பது வெளிச்சத்தில் வர வேண்டியது. லென்ஸ் தெளிவாக இருந்தால்தான் நீங்கள் பின்னிய ஒவ்வொரு கண்ணியும் தெரியும்.

உப்புவெளிக் கடைக்கு வருகிறேன். உங்கள் போத்தலில் அழுக்கே இல்லை. வெள்ளைத் தாள் ஒன்றைப் போத்தல் இருக்கும் இடத்தில் வைத்து, டியூப் விளக்கோடு ஒரு படம், அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். விளக்கோடு எடுத்ததில் தாளின் இரண்டு பாதிகளும் வெவ்வேறு நிறமாக இருக்கும். யன்னல் வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் வேறு வேறு நிறம். கமெரா ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். பிறகு திருத்தலாம் என்று தம்பி சொன்னது இங்கேதான் நடக்காது: மஞ்சளைக் குறைத்தால் மறுபக்கம் இன்னும் நீலமாகும். ஆகவே விளக்கை அணையுங்கள். பச்சைச் சுவர் இருக்கும் பக்கம் வெள்ளை ரெஜிபோம் அட்டையை நிறுத்துங்கள். சுவரின் பச்சை போத்தலில் விழாது, நிழலும் இளகும்.

சாம்பல் நிறத்துக்குக் காரணம் வேறு. கமெரா தன் முன் இருப்பதை நடுத்தர வெளிச்சமாக்கப் பார்க்கும். முழுக்க வெளிர் நிறமும் வெள்ளையுமாக ஒரு காட்சியைக் கொடுத்தால், இது அதிக வெளிச்சம் என்று நினைத்து இருட்டாக்கிவிடும். திரையில் வளையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தை மேலே இழுங்கள். வளையத்தின் வரிப்பள்ளங்கள் மறையத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, சிறிது கீழே இறக்குங்கள். அதற்கு மேல் போனால் வெள்ளை வெளுத்து வெறும் ஓட்டையாகிவிடும், வெளிர் ரோஸும் வெள்ளையாகிவிடும். அதனால்தான் நான் விரும்பும் நிறத்தைவிட ஒரு படி அடர்த்தியான தாளையே வாங்குவேன். கடையில் பார்க்கும்போது கொஞ்சம் கூடிப்போனது போலத் தோன்றும் தாள்தான் படத்தில் சரியாக வரும்.

இனி விளிம்பு. ஊடுருவும் பொருளுக்கு நிறம் கிடையாது, பின்னால் இருப்பதையே அது காட்டும். பின்னால் ரோஸ் என்றால் போத்தலும் ரோஸ். அதனால்தான் கலந்துவிடுகிறது. விளிம்பு வளைவில் மட்டும் அது பக்கத்தில் இருப்பதைக் காட்டும். அந்தப் பக்கத்தில் நாமே ஓர் இருண்ட பொருளை வைத்தால் விளிம்பு கோடாக எழும். போத்தலைத் தாளிலிருந்து இரண்டு அடி முன்னுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு இரண்டு அங்குல அகலத்தில் கறுப்பு அட்டைகள் இரண்டை வெட்டி, போத்தலின் இரு பக்கமும் நான்கு அங்குலம் தள்ளி, படத்தில் விழாதபடி நிறுத்துங்கள். யன்னலின் குறுக்கே வலைக்குப் பதிலாக டிரேசிங் தாள் ஒட்டுங்கள். கம்பிகள் மறைந்துவிடும்.

உப்புவெளிக் கடை

இன்று காலை எட்டரை மணிக்குச் செய்தேன். விளக்கை அணைத்துத் தாள் சோதனை செய்தபோது நீங்கள் சொன்னது கண்முன் தெரிந்தது. டிரேசிங் தாளை ஒட்டியதும் போத்தலின் தோளில் நீளமான ஒரே வெள்ளை ஒளி விழுந்தது, கோடுகள் போய்விட்டன. வளையம் வெள்ளையாக வந்துவிட்டது.

விளிம்பு எழுந்தது, ஆனால் கறுப்பு அட்டையோடு யாரோ பென்சிலால் வரைந்தது போலக் கடுமையாக இருக்கிறது. வெளிர் நிறத்தின் மெல்லிய தன்மையே போய்விட்டது.

யன்னலோரம்

கறுப்பு அட்டை போத்தலுக்குப் பொருந்தும், பிள்ளைப் படத்துக்குப் பொருந்தாது. அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கரும் ரோஸ் அல்லது நாவல் நிற பிரிஸ்டல் அட்டையை வையுங்கள். அகலத்தைக் குறைத்தால் கோடு மெலியும், அட்டையை அருகே கொண்டுவந்தால் தடிக்கும். விரல் அளவாக நகர்த்தித் திரையைப் பாருங்கள்.

கரடியை யன்னலுக்கு எதிர்ப்பக்கம், போத்தலுக்குச் சிறிது பின்னால் வையுங்கள். பக்கவாட்டு வெளிச்சம் மயிரை எடுத்துக்காட்டும். எடுக்கும் முன் பழைய மென்மையான பற்தூரிகையால் மயிரை எதிர்த்திசையில் கோதிவிட்டு, பிறகு இயல்பான திசைக்கு ஒரு முறை கோதுங்கள். தட்டையாகப் படிந்த மயிர்தான் பழைய பொம்மை போலக் காட்டுவது.

உப்புவெளிக் கடை

நாவல் நிற அட்டை மிகச் சரி. விளிம்பு போத்தலுக்கே உரியதாகத் தெரிகிறது. ஆனால் போத்தலில் சிறு சிறு வெள்ளைப் புள்ளிகள் நிற்கின்றன. துடைத்தால் தூசு இன்னும் ஒட்டுகிறது.

யன்னலோரம்

புள்ளிகள் கிணற்றுத் தண்ணீர் காய்ந்த சுண்ணாம்புத் தடம். வினாகிரியைத் தண்ணீரில் கலந்து கழுவி, பின்னர் போத்தலில் விற்கும் குடிதண்ணீரால் அலசுங்கள். தூசு ஒட்டுவது உலர்ந்த துணியால் தேய்ப்பதால்தான். தேய்க்கத் தேய்க்கப் பிளாஸ்டிக் தூசை இழுக்கும். சிறிது ஈரமான துணியால் ஒரே திசையில் துடைத்து, காற்றில் உலரவிடுங்கள். படத்துக்கு எடுத்ததை விற்பனைக்குத் திரும்ப வைக்க வேண்டாம், அது மாதிரிப் பொருளாகவே இருக்கட்டும். போத்தலுக்குள் பால் ஊற்றவும் வேண்டாம். உள்ளே ஒட்டும் படலமும் நுரையும் கழுவாத போத்தல் போலக் காட்டும்.

குடும்பநல அக்கா

படம் பற்றி எனக்குத் தெரியாது. நான் தாய்மார்களோடு வேலை செய்பவள், ஆகவே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. 1981 இல் உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டம் ஏற்றுக்கொண்ட, தாய்ப்பாலுக்கு மாற்றானவற்றின் சந்தைப்படுத்தல் பற்றிய கோவை, பால்மாவோடு பால் போத்தலையும் சூப்பியையும் உள்ளடக்கியது. இவற்றைப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யக்கூடாது என்கிறது. இலங்கையிலும் அதை ஒட்டிய கோவை உண்டு. போத்தலைச் சுற்றி இவ்வளவு மென்மையும் தூய்மையும் சேர்க்கும் படத்தைப் பார்த்துவிட்டு, பால் போதவில்லையோ என்று பயந்திருக்கும் ஓர் இளந்தாய் போத்தலை நாடுகிறாள். அந்தத் தாயின் வீட்டுக்குப் போகிறவள் நான்தான்.

உப்புவெளிக் கடை

அக்கா, இதை நான் யோசித்திருக்கவில்லை. என் கடையில் கேட்டு வருபவர்கள் வேலைக்குப் போகும் தாய்மார், கறந்த பாலைக் கொடுப்பதற்காக வாங்குகிறார்கள். விலைப்பட்டியலில் போடும் சாதாரணப் படமும் விளம்பரம்தானா?

குடும்பநல அக்கா

அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வதே சரி. என் எண்ணத்தில், வெறும் போத்தல், அளவு, விலை என்று காட்டுவது வேறு. கரடியோடும் வெளிர் ரோஸோடும் ஆசையூட்டுவது வேறு. கறந்த பால் என்றால் கிண்ணத்திலும் கரண்டியிலும் கொடுக்கலாம், நாங்கள் அதையே முதலில் சொல்லிக்கொடுக்கிறோம்.

மூதூர்த் தம்பி

அப்படியென்றால் கடைக்காரர் படமே போடக்கூடாதா? வாங்குபவர் பார்க்காமல் எப்படி வாங்குவார்? எனக்கு இது ஒப்பவில்லை.

யன்னலோரம்

தம்பி, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. உப்புவெளிக் கடை, அதிகாரியிடம் கேட்கும்வரை போத்தலையும் கரடியையும் பிரித்துவிடுங்கள். போத்தலை வெறும் வெண்மையான பின்னணியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இப்போது கற்ற அட்டை வித்தை அங்கும் பயன்படும். ரோஸ் தாளும் காலை வெளிச்சமும் கரடிக்கு இருக்கட்டும்.

உப்புவெளிக் கடை

அப்படியே செய்கிறேன். கரடியை மட்டும் எடுத்த படத்தில் காதின் உள்பக்க வெளிர் ஊதா, என் கைத்தொலைபேசியில் ஊதாவாகவும் தங்கையின் கைத்தொலைபேசியில் நீலமாகவும் தெரிகிறது. இதற்கு வழி உண்டா?

யன்னலோரம்

ஊதா பல கமெராக்களிலும் திரைகளிலும் நழுவும் நிறம். எல்லாத் திரையிலும் ஒன்றாக வரவைக்க இதுவரை என்னால் முடியவில்லை. நான் செய்வது ஒன்றுதான்: பொருளின் பக்கத்தில் வெள்ளைத் துணி ஒன்றையும் சேர்த்துப் படம் எடுத்து, கீழே நிறத்தின் பெயரை எழுதிவிடுவேன். யாராவது வேறு வழி கண்டிருந்தால் சொல்லுங்கள்.