ஸ்டார்ட் மெனு: அடுக்கி வைப்பதா, டைப் அடிப்பதா?

தாமிரபரணி: ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. போன மாதம் பழைய கணினியை எடுத்துவிட்டு விண்டோஸ் 11 போட்டது கொடுத்தார்கள். விண்டோஸ் 10-இன் ஸ்டார்ட் மெனுவில் செயலிகளை வரி, வங்கி, அலுவலகம் என்று பெயரிட்டு மூன்று குழுவாக வைத்திருந்தேன். இதில் அப்படி முடியுமா? இன்னொன்று, கீழே Recommended என்று கடைசியாகத் திறந்த ஃபைல்கள் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. எதிரே உட்கார்ந்திருக்கும் கிளையண்ட் இன்னொரு கிளையண்டின் பெயரைப் படித்துவிடுகிறார். குறைக்க வழி உண்டா?

விசை வீரன்: இதற்கெல்லாம் மெனக்கெடாதீர்கள். விண்டோஸ் கீயைத் தட்டி ex என்று அடித்தால் எக்செல் வந்து நிற்கும். ஆறு வருடமாக ஒரு ஐகானைக்கூட நான் பின் செய்ததில்லை. Recommended வேண்டாம் என்றால் Settings > Personalization > Start போய் இருக்கிற சுவிட்ச் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஒன்றும் ஆகாது.

செல்வி_சிஸ்டம்ஸ்: ஒன்றும் ஆகாது என்பதுதான் சரியில்லை, வீரன். அதில் ஒரு சுவிட்சின் முழுப்பெயரைப் படித்துப் பாருங்கள்: Show recommended files in Start, recent files in File Explorer, and items in Jump Lists. மூன்று வேலைக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச். அணைத்தால் ஸ்டார்ட்டில் ஃபைல் பெயர் வராது, உண்மை. கூடவே டாஸ்க்பாரில் எக்செல் ஐகானை ரைட் கிளிக் செய்தால் வரும் சமீபத்திய ஃபைல் பட்டியலும் போய்விடும்.

தாமிரபரணி, பெயர் போட்ட குழுத் தலைப்பு விண்டோஸ் 11-இல் இல்லை. ஃபோல்டர்தான். பின் செய்த ஓர் ஐகானை இழுத்து இன்னொன்றின் மேல் விட்டால் இரண்டும் சேர்ந்து ஃபோல்டராகிவிடும். அதைத் திறந்து மேலே உள்ள பெயரைத் தொட்டு "வரி" என்று மாற்றிக்கொள்ளலாம். பக்கத்தில் விட்டால் இடம்தான் மாறும். ஐகானின் நேர் மேலே ஒரு நொடி நிறுத்தி விட வேண்டும்.

தாமிரபரணி: அந்த ரைட் கிளிக் பட்டியலில்தான் நேற்று வேலை செய்த ஷீட்டைத் தினமும் திறக்கிறேன். அது போனால் எப்படி?

டைப்பிங் மகேஷ்: விண்டோஸ் 10-ஐயே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

செல்வி_சிஸ்டம்ஸ்: 2025 அக்டோபர் 14-உடன் அதன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, மகேஷ். கிளையண்ட் கணக்கு வைத்திருக்கும் மெஷினுக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

தாமிரபரணி, எக்செலுக்குள் File > Open-இல் வரும் பட்டியல் எக்செல் தானே வைத்திருப்பது. சுவிட்சை அணைத்தாலும் அது இருக்கும். அப்புறம் இந்த ஆண்டின் வேலை ஃபோல்டரை எக்ஸ்ப்ளோரரில் ரைட் கிளிக் செய்து Pin to Start கொடுங்கள். இரண்டு கிளிக்கில் ஷீட் கைக்கு வந்துவிடும். அதே Settings பக்கத்தில் மேலே More pins என்ற லேஅவுட்டும் உண்டு. அது Recommended இடத்தைச் சுருக்கும், ஆனால் மிச்சம் இருக்கும் இடத்தில் ஃபைல் பெயர் வரத்தான் செய்யும். உங்கள் பிரச்சினைக்கு அது போதாது.

விசை வீரன்: சரி, ஜம்ப் லிஸ்ட் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். நான் அதைப் பயன்படுத்துவதே இல்லை. ஆனாலும் ஃபோல்டரைத் திறந்து ஐகானைத் தேடுகிற நேரத்தில் நான் டைப் அடித்து முடித்திருப்பேன்.

டைப்பிங் மகேஷ்: உங்களுக்கு ஓடும். எனக்கு நாள் முழுக்கத் தமிழ் கீபோர்டுதான். விண்டோஸ் கீயைத் தட்டி ex என்று அடித்தால் இரண்டு தமிழ் எழுத்து விழுகிறது, எக்செல் எங்கே வரும்? ஒவ்வொரு தடவையும் விண்டோஸ் கீயோடு ஸ்பேஸைத் தட்டி மாற்றி, வேலை முடிந்து திரும்பவும் மாற்ற வேண்டும். அதனால்தான் பத்து ஐகானைப் பின் செய்து வைத்திருக்கிறேன்.

விசை வீரன்: அது நியாயம். இது எனக்குத் தோன்றவே இல்லை.

தாமிரபரணி: அணைத்துவிட்டேன். ஃபைல் பெயர் போய்விட்டது. ஆனால் Recommended என்ற தலைப்பும் அடியில் வெறும் இடமும் அப்படியே நிற்கிறது. சுவிட்ச் ஏதாவது விட்டுவிட்டேனா?

செல்வி_சிஸ்டம்ஸ்: இல்லை, உங்களிடம் இருப்பது பழைய மெனு. 2025 கடைசியில் வரத் தொடங்கிய புது மெனுவில் எல்லாச் செயலிகளும் அதே பக்கத்தில் கீழே உருட்டினால் வரும். அதில் சுவிட்சுகளை அணைத்தால் அந்தப் பகுதியே மறைந்துவிடும். அதில் வகை வாரியாகத் தானே குழு பிரித்தும் காட்டும்.

விசை வீரன்: பார்த்தீர்களா, இவர் கேட்ட குழு தானாகவே வருகிறது. எதற்கு இழுத்து இழுத்து ஃபோல்டர்?

செல்வி_சிஸ்டம்ஸ்: அந்தக் குழுவுக்கு நீங்கள் பெயர் வைக்க முடியாது, செயலியை இடம் மாற்றவும் முடியாது. "வரி" என்று ஒரு வகை அதற்குத் தெரியாது.

தாமிரபரணி: வரியும் வங்கியும் ஃபோல்டராகிவிட்டன. அலுவலகம் குழுவில் இருந்த மூன்றையும் வெளியிலேயே முதல் வரிசையில் வைத்துவிட்டேன், அவற்றுக்கு ஃபோல்டர் தேவைப்படவில்லை. ஜம்ப் லிஸ்ட் இல்லாதது மட்டும் இன்னும் கை தேடுகிறது.