புதுப்பிப்பு: பழைய ஃபைபர் படகு, பெயர் மாற்றம்

அன்று நான் இங்கே கேட்டது: “பழைய ஃபைபர் படகு வாங்கியிருக்கேன். மீனவர் அடையாள அட்டை இருக்கு, அது போதாதா?”

போதாது. அட்டை ஆளுக்கு; பதிவும் உரிமமும் படகுக்கு. “ஆர்.சி.ல பேரு மாத்துனா முடிஞ்சுது” என்று ஒரு அண்ணன் சொன்னது பாதிதான் சரி, மீன்பிடி உரிமம் தனி.

இழுத்தடித்தது எஞ்சின் எண். ஆர்.சி.யில் பழைய எஞ்சின், படகில் வேறு. ஆய்வில் எஞ்சின் தகட்டு எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட்டதுமே பொருந்தவில்லை. எஞ்சின் பில்லை வைத்து அதைத் திருத்திய பிறகே பெயர் மாற்றம் நகர்ந்தது. ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் தகட்டைப் பாருங்கள்.

தடைக்காலம் பற்றிக் கேட்ட தம்பிக்கு: கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடை விசைப்படகுகளுக்கு, என்னுடையது வெளிப்பொருத்து எஞ்சின் நாட்டுப்படகு, அதனால் இதற்குப் பொருந்தாது.

எஞ்சின் பில் தொலைந்திருந்தால்? அதற்கு இன்னும் ஆளுக்கொரு பதில்தான் வருகிறது.